நினைவில்லாமல் இருப்பவரை அட்மிட் செய்யும்போது: எந்தத் தாளில் யார் கையெழுத்து, அப்புறம் கிளெய்ம் எப்படி

தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனை, வீட்டில் மயங்கி விழுந்த ஒருவர், அவர் பெயரிலேயே ஒரு மெடிக்ளெய்ம் பாலிசி. இந்த மூன்றும் சேரும் இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். வீட்டில் பாலிசி, வங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவரே நினைவில்லாமல் கிடக்கும்போது குடும்பத்துக்கு எதுவும் பிடிபடாது. முதல் இரண்டு மணி நேரத்தில் நாம் சொல்லும் பதிலும் போடும் கையெழுத்தும், பல வாரம் கழித்து கிளெய்ம் ஃபைலில் அப்படியே வந்து நிற்கும் என்பது அப்போது யாருக்கும் தோன்றாது.

பேச்சுக்கு ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் மளிகைக் கடை நடத்தும் 54 வயதுக்காரர். விடியற்காலையில் குளியலறையில் விழுந்து கிடக்கிறார். நினைவில்லை, ஒரு பக்கம் கை கால் அசையவில்லை. மனைவியும் கல்லூரிக்குப் போகும் மகனும் 108-ஐக் கூப்பிட்டு அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். ஸ்கேனில் மூளையில் ரத்தக்கசிவு.

கேஷுவாலிட்டியில் கேட்கும் கேள்விகள்

உள்ளே போனதும் டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" இதற்கு "காலையில பார்த்தோம்" என்ற பதில் போதாது. இரவு பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார், ஐந்தரைக்கு விழுந்த சத்தம் கேட்டது என்று நேரத்தோடு சொல்லுங்கள். ரத்தக்குழாய் அடைப்பாக இருந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு கண்டுபிடித்த நேரத்திலிருந்து தொடங்காது, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும்.

அடுத்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது. பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை அதில் இருந்தால் டாக்டர் செய்யப்போகும் காரியமே மாறும்.

மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள். "பிபி, சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" பதற்றத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் கூட வந்த சித்தப்பாவோ மைத்துனரோ, "அது இருக்கும் சார், ஒரு பத்து வருஷமா" என்று சொல்லிவிடுவார். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். அவர் கவனமெல்லாம் நோயாளியைக் காப்பாற்றுவதில். ஆனால் அந்த வரி கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போய், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனத்தின் மேசைக்குப் போகும். பாலிசி மூன்று வருடத்துக்கு முன் எடுத்தது, நோய் பத்து வருடமாக இருக்கிறது என்று ஆகிவிட்டால், இருந்த நோயை மறைத்து பாலிசி எடுத்தார் என்று நிறுவனம் சொல்ல வழி கிடைத்துவிடும்.

ஆகவே பொய் சொல்லவும் வேண்டாம், ஊகமும் வேண்டாம். தெரிந்த ஒருவர் மட்டும் பேசட்டும். தெரியாததைத் "தெரியாது" என்று சொல்லுங்கள். "ரெண்டு வருஷமா மாத்திரை எடுக்கிறார், சீட்டு வீட்டில் இருக்கு, கொண்டுவரேன்" என்பது நல்ல பதில். குடிப்பழக்கம் பற்றியும் கேட்பார்கள். அதை மறைப்பது சிகிச்சைக்கே ஆபத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தீபாவளிக்கு ஒரு தடவை குடிப்பவரை "குடிப்பார் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், எவ்வளவு, எப்போது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விழுந்ததில் அடிபட்டிருந்தாலோ, மயங்கியதற்குக் காரணம் தெரியாவிட்டாலோ மருத்துவமனை ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் குறித்து போலீசுக்குத் தகவல் அனுப்பும். இதைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது வழக்கமான நடைமுறைதான். ஆனால் அதில் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மயங்கியதால் விழுந்தாரா, வழுக்கி விழுந்ததால் மயங்கினாரா என்பது நீங்கள் பார்க்காத விஷயம் என்றால் "குளியலறையில் விழுந்து கிடந்ததைப் பார்த்தோம்" என்பது மட்டுமே உண்மை. அவரிடம் தனியாக விபத்துக் காப்பீடும் இருந்தால் இந்த ஒரு வரியை வைத்தே அந்த கிளெய்ம் நிற்கும் அல்லது விழும். ஏ.ஆர். காப்பி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்பார்கள்.

கையெழுத்து: சிகிச்சைக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று

கையெழுத்துப் போட ஆள் இல்லை, முன்பணம் கட்டவில்லை என்பதற்காக உயிர் காக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும், சட்ட நடைமுறைகளுக்காகக் காத்திருக்காமல் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. சம்மதம் வாங்க வழியில்லாத நிலையில் ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவும் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 92-வது பிரிவாக இருந்தது. யாருமே கூட வராத நோயாளிக்கு வழக்கமாக இரண்டு மருத்துவர்கள் அவசரநிலை என்று எழுதிக் கையெழுத்திட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

அப்படியானால் குடும்பத்தின் கையெழுத்து எதற்கு? வயதுவந்த ஒருவருக்காக இன்னொருவர், மனைவியே ஆனாலும், சம்மதம் கொடுக்கும் முழு உரிமை நம் சட்டத்தில் பொதுவாகக் கிடையாது. இன்னார்தான் முதலில், இன்னார் அடுத்து என்று வரிசை போட்டு வைத்த சட்டமும் சாதாரண சிகிச்சைக்கு இல்லை. மனைவி அல்லது கணவர், வயதுவந்த பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர் என்பது மருத்துவமனைகள் பின்பற்றும் வழக்கம். நிலைமையையும் ஆபத்தையும் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டோம் என்பதற்கு அந்தக் கையெழுத்து சாட்சி.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய தாயிடம் மட்டும் சம்மதம் வாங்கி, அப்போது அவசரமில்லாத பெரிய அறுவை சிகிச்சையைச் செய்த வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளி கண் விழிக்கும்வரை காத்திருக்க முடிகிற எதற்கும் அவரையேதான் கேட்க வேண்டும். அதனால் ஒவ்வொரு முறை தாளை நீட்டும்போதும் "இது இப்பவே செய்யணுமா, அவர் முழிச்ச பிறகு செய்யலாமா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

உங்கள் முன் வரும் தாள்கள் ஒரே கட்டாக வரும். அவற்றைப் பிரித்துப் பாருங்கள். அனுமதிக்கான பொதுச் சம்மதம், ஆபரேஷனுக்கு, மயக்க மருந்துக்கு, ரத்தம் ஏற்றுவதற்கு என்று தனித்தனிச் சம்மதங்கள், "ஹை ரிஸ்க்" என்று தலைப்பிட்ட ஒன்று. இவையெல்லாம் சிகிச்சை சார்ந்தவை. நடுவில் ஒரு தாளில் "மருத்துவமனைக் கட்டணம் முழுவதையும் நான் செலுத்துவேன்" என்று இருக்கும். அது வேறு சமாச்சாரம். அதில் போடுபவர் பணத்துக்குப் பொறுப்பேற்கிறார். தூக்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரும் கடையில் வேலை பார்க்கும் பையனும் அதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. "அழைத்து வந்தவர்" என்ற இடத்தில் பெயரும் போன் நம்பரும் எழுதினால் அவர்கள் வேலை முடிந்தது. சாலை விபத்தாக இருந்து வழியில் போனவர் கொண்டுவந்து சேர்த்திருந்தால் பெயர் சொல்லும்படிகூட அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு.

கையெழுத்துப் போடும்போது மூன்று விஷயம். முதலாவது, உங்கள் பெயரைத் தெளிவாக எழுதி, "மனைவி", "மகன்" என்று உறவையும், தேதி, நேரத்தையும் நீங்களே எழுதுங்கள். கிளெய்மில் யார் எந்த முறையில் கையெழுத்திட்டார் என்று பார்ப்பார்கள். இரண்டாவது, எல்லாத் தாளிலும் ஒரே ஆள் போடுவது நல்லது. எங்கள் உதாரணத்தில் மகனுக்கு 18 முடிந்திருந்தாலும் மனைவி போடுவதே சரி, மகன் சாட்சியாகப் போடலாம். மூன்றாவது, வெற்றுத் தாளிலும் நிரப்பாத கட்டங்கள் உள்ள தாளிலும் போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நினைவில்லாத நோயாளியின் கட்டைவிரலில் மை தடவி ரேகை பதிக்கச் சிலர் முயல்வார்கள், பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான். பாலிசித் தாளோ, செக்கோ, பவர் பத்திரமோ எதுவானாலும் அதைச் செய்ய விடாதீர்கள். நினைவில்லாதவர் வைத்த ரேகைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. மாறாக, "அன்று அவர் ஐ.சி.யு.வில் இருந்தார்" என்று கேஸ் ஷீட்டே காட்டிக்கொடுக்கும்போது உங்கள் மேல் மோசடிச் சந்தேகம்தான் வரும்.

அட்மிஷன் தாளில் அறை வகைக்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடிக்கும் முன் பாலிசியில் அறை வாடகை வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்பு இருக்கும்போது 8,000 ரூபாய் அறையில் நாலு நாள் இருந்தால், 12,000 மட்டும் கையிலிருந்து போகும் என்று நினைப்போம். அப்படியில்லை. டாக்டர் விசிட், நர்சிங் போன்ற கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். அவை 40,000 வந்திருந்தால் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 25,000 தான் தருவார்கள். ஆக உங்கள் கையிலிருந்து 27,000. ஐ.சி.யு. கட்டணத்துக்கும், மருந்து, இம்பிளாண்ட், ஸ்கேன் போன்றவற்றுக்கும் இந்த விகிதக் கழிவு கிடையாது. பிரச்சினை வருவது ஐ.சி.யு.விலிருந்து வெளியே அறைக்கு மாற்றும்போதுதான். "டீலக்ஸ்தான் காலியா இருக்கு" என்று சொன்னால், வரம்புக்குட்பட்ட அறை அன்று காலியில்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாலிசியைத் தேடுவதும் தகவல் சொல்வதும்

பாலிசி அவர் போனில் இருக்கும், போன் பூட்டியிருக்கும். மற்ற வழிகளைப் பாருங்கள். வங்கிப் பாஸ்புக்கில் வருடத்துக்கு ஒரு முறை பிரீமியம் போயிருக்கும், அதில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். வருமான வரி கட்டுபவர் என்றால் ஆடிட்டரிடம் பிரீமியம் ரசீதின் நகல் இருக்கும். நான் பார்த்தவரை இதுதான் வேகமான வழி. ஏஜென்ட் யாரென்று தெரிந்தால் இன்னும் சுலபம். வேலைக்குப் போகிறவர் என்றால் அலுவலக எச்.ஆர்.-இடம் குழுக் காப்பீட்டு அட்டை எண் இருக்கும். நிறுவனம் எது என்று தெரிந்துவிட்டால் போதும், கால் சென்டரில் அவருடைய பெயர், பிறந்த தேதி, பதிவு செய்த மொபைல் எண்ணைச் சொல்லி பாலிசி எண்ணைத் தேடச் சொல்லலாம். ஓ.டி.பி. அவர் நம்பருக்கு வரும் என்பதால் அந்த போனை சார்ஜ் போட்டு ஒருவர் கையிலேயே வைத்திருங்கள். திரை பூட்டியிருந்தாலும் சிம்மை எடுத்து வேறு போனில் போட்டால், சிம்முக்குத் தனிப் பூட்டு இல்லாதவரை, குறுஞ்செய்தி வரும்.

அவசர அனுமதியில் பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரத்துக்குள் தகவல் கேட்கும். பணம் வாங்கும் ஃபாரத்தை நிரப்பித் தருவது பின்னால் வரும் வேலை. இப்போதைக்கு, இன்னார் இந்த மருத்துவமனையில் இந்த நேரத்தில் சேர்ந்திருக்கிறார் என்று தெரிவித்தால் போதும். போனில் சொன்னால் தகவல் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சல் இப்படி இருந்தால் போதும்:

"பாலிசிதாரர் இன்று காலை 5.30-க்கு வீட்டில் நினைவிழந்த நிலையில் காணப்பட்டு, 6.20-க்கு இந்த மருத்துவமனையில் அவசர சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டார். அவர் பேசும் நிலையில் இல்லாததால், மனைவியாகிய நான் தகவல் தெரிவிக்கிறேன். பாலிசி எண் இது. என் தொடர்பு எண் இது."

நோயின் வரலாறு, காரணம் எதுவும் இதில் வேண்டாம். 24 மணி நேரம் தாண்டிவிட்டால் தாமதத்துக்கான காரணத்தையும் ஒரு வரி சேருங்கள். பாலிசி எங்கே இருக்கிறதென்று அவருக்கு மட்டுமே தெரியும், அவர் நினைவில்லாமல் இருந்தார் என்பது நியாயமான காரணம்தான்.

கேஷ்லெஸ் கேட்பது

கேஷ்லெஸ் என்பது காப்பீட்டு நிறுவனமே பில்லை மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் வசதி. அதற்கு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் முன் அனுமதி ஃபாரம் தருவார்கள். ஒரு பகுதியை நீங்களும் மற்றதைச் சிகிச்சை தரும் டாக்டரும் நிரப்ப வேண்டும். நோயாளி கையெழுத்துக்கான இடத்தில் மனைவி தன் பெயரில் கையெழுத்திட்டு, "நோயாளி நினைவில்லாததால் மனைவி" என்று எழுதினால் போதும். நோயாளியின் கையெழுத்தை யாரும் பார்த்துப் போடக் கூடாது. டாக்டர் பகுதியில் "நோய் எத்தனை நாளாக" என்று கட்டம் இருக்கும், அதில் என்ன எழுதியிருக்கிறார் என்று அனுப்பும் முன் படித்துப் பாருங்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் போட்ட உத்தரவின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரம். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அது காப்பீட்டு நிறுவனத்தின் செலவு. நடப்பில் இந்த ஒரு மணி நேரம், கவுன்ட்டரில் இருப்பவர் எல்லாத் தாளையும் ஏற்றி அனுப்பிய பிறகே ஓடத் தொடங்கும். ஆகவே "அனுப்பியாச்சா, எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிறு தொகைக்குத்தான் அனுமதி வரும். பில் ஏற ஏற மருத்துவமனை கூடுதல் தொகைக்கு எழுதும். நடுவில் "முதன்முதலில் பிபி கண்டுபிடித்த சீட்டை அனுப்பவும்" என்பது போலக் கேள்வி வரும். அதற்குப் பதில் போகாமல் கிடந்தால் அனுமதியும் கிடக்கும். நெட்வொர்க்கில் இல்லாத, அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்க 2024 ஜனவரியிலிருந்து வழி இருக்கிறது. அவசர அனுமதி என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், மருத்துவமனையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாத இடங்கள் உண்டு.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் கிளெய்மே போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இப்போதைக்கு நேரடியாகக் கட்ட முடியாது என்று மட்டுமே அதற்குப் பொருள். பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னால் திரும்பக் கேட்கலாம். மறுப்புக் கடிதத்தை மட்டும் கையில் வாங்கிவிடுங்கள்.

பாலிசியே இல்லை, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகரித்த மருத்துவமனையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. அதில் மருத்துவமனையே நேரடியாகப் பணம் பெற்றுக்கொள்ளும், குடும்பம் கிளெய்ம் ஃபாரம் எழுதும் வேலை இல்லை. இந்தக் கட்டுரையின் பாக்கி அவர்களுக்குத் தேவைப்படாது.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு: ஃபைல் கட்டுவது

எங்கள் மளிகைக் கடைக்காரருக்குக் கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மனைவி நகையை அடகு வைத்துப் பில்லைக் கட்டிவிட்டார். கணவருக்கு இன்னும் பேச்சு வரவில்லை, வலது கை அசையவில்லை. பாலிசியும் அவர் பெயரில், வங்கிக் கணக்கும் அவர் பெயரில்.

முதல் வேலை, மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியை உட்கார்ந்து படிப்பது. பெயர், வயது, சேர்ந்த நேரம், நோய் வரலாறு நான்கும் சரியா என்று பாருங்கள். தவறிருந்தால் டாக்டரிடம் சொல்லி அவர் கையெழுத்தோடு திருத்தம் அல்லது விளக்கக் கடிதம் வாங்குங்கள். வெள்ளை மை பூசித் திருத்தினால் அதுவே ஒரு சந்தேகமாகிவிடும். கூடவே இனவாரியான பில், பணம் கட்டிய ரசீதுகள், டாக்டர் சீட்டோடு மருந்து பில்கள், ஸ்கேன் அறிக்கையும் படமும், ஏ.ஆர். காப்பி, கேஷுவாலிட்டியில் எழுதிய முதல் குறிப்பின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். அந்த முதல் குறிப்பைக் கேட்க யாருக்கும் தோன்றாது, நிறுவனம் முதலில் புரட்டுவது அதைத்தான். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-இன் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

கிளெய்ம் ஃபாரம் இரண்டு பகுதி. பகுதி 'ஏ' நாம் நிரப்புவது, பகுதி 'பி' மருத்துவமனை நிரப்புவது. டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து 15 அல்லது 30 நாளுக்குள் தரச் சொல்லி உங்கள் பாலிசியில் இருக்கும், அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். பாலிசிதாரரே கையெழுத்துப் போட முடியாத நிலையில், மனைவி தன் பெயரில் கையெழுத்திட்டு மூன்று தாள்களைச் சேர்க்க வேண்டும். அவர் கையெழுத்திடும் நிலையில் இல்லை என்று சிகிச்சை தரும் டாக்டரின் சான்று, உறவைக் காட்டும் ஆதார் அல்லது குடும்ப அட்டை நகல், ஏன் தான் விண்ணப்பிக்கிறேன் என்று மனைவியின் கடிதம். இதற்கு நிறுவனங்கள் தங்களுக்கென்று ஒரு படிவம் கேட்பதும் உண்டு. அனுப்பும் முன்பே கிளைக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டால் ஒரு மாதம் மிச்சம்.

பணம் எந்தக் கணக்கில் வரும் என்பதுதான் அடுத்த முடிச்சு. பாலிசிதாரர் பெயரிலுள்ள கணக்கின் ரத்து செய்த செக்கைக் கேட்பார்கள். மனைவியோடு சேர்ந்த ஜாயின்ட் கணக்கு, அதிலும் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகையாக இருந்தால் அதையே கொடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. தனிக் கணக்கு மட்டும் இருந்தால் பணம் அங்கே போய் நின்றுவிடும். நினைவு திரும்பிக் கைரேகை வைக்கும் நிலையில் இருந்தால் வங்கி மேலாளரிடம் சொல்லுங்கள். உடல்நலமில்லாத கணக்குதாரர், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன், அதில் ஒருவர் வங்கி அதிகாரி, ரேகை வைத்துப் பணம் எடுக்க வழிமுறை உண்டு. கோமாவில் நீடித்தால் அதுவும் நடக்காது. அப்போது நீதிமன்றம் போய்க் காப்பாளராக நியமனம் வாங்க வேண்டும். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் அது வக்கீல் வைத்துச் செய்யும் வேலை, சிறு கிளெய்முக்காக மட்டும் யாரும் போக மாட்டார்கள்.

நோயாளி இறந்துவிட்டால் பாலிசியில் உள்ள நாமினிக்குப் பணம் போகும். நாமினி இல்லையென்றால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

எல்லா ஒரிஜினலும் நிறுவனத்துக்குப் போய்விடும் என்பதால், கொடுக்கும் முன் ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து வைத்து, கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு பிசியோதெரபிக்கும் மாத்திரைக்கும் ஆகும் செலவையும் பெரும்பாலான பாலிசிகள் 60 நாள் வரை தரும். அந்த பில்களைத் தனியாகச் சேர்த்து வைத்து இரண்டாவது முறை அனுப்பலாம்.

"பத்து வருஷமா" என்ற அந்த வரி

எங்கள் உதாரணத்துக்கு வருவோம். பாலிசி எடுத்தது 2022 ஜூன், சேர்ந்தது 2025 ஆகஸ்ட். முதல் குறிப்பில் மைத்துனர் சொன்ன பத்து வருட பிபி. இருந்த நோயைச் சொல்லாமல் பாலிசி எடுத்ததாக நிறுவனம் கடிதம் அனுப்புகிறது. பாலிசி இடைவெளியில்லாமல் 60 மாதம் ஓடியிருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. இங்கே 38 மாதம்தான் ஆகியிருக்கிறது. ஆகவே ஆதாரத்தோடுதான் பேச வேண்டும்.

குடும்பம் வீட்டைக் குடைந்ததில் 2023-ஆம் வருடத்துச் சீட்டு ஒன்று கிடைக்கிறது. புதிதாகக் கண்டறியப்பட்ட ரத்த அழுத்தம் என்று உள்ளூர் டாக்டர் எழுதி, முதல் மாத்திரையைத் தொடங்கிய சீட்டு. அதைவிடப் பலமானது ஒன்று நிறுவனத்திடமே இருக்கிறது. 51 வயதில் பாலிசி எடுத்தபோது அவர்களே பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அதில் ரத்த அழுத்தம் சாதாரணம். இந்த இரண்டையும், "வரலாறு சொன்னவர் நோயாளி அல்ல, கூட வந்த உறவினர், காலம் உறுதிப்படுத்தப்படவில்லை" என்று சிகிச்சை தந்த டாக்டர் எழுதிய கடிதத்தையும் சேர்த்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கிளெய்மை மறுப்பதற்கு நிறுவனத்தின் மறு ஆய்வுக் குழு ஒப்புதல் வேண்டும் என்பது 2024 உத்தரவில் இருக்கிறது, அந்த ஒப்புதல் வாங்கப்பட்டதா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

இடையில் நிறுவனம் அனுப்பும் விசாரணையாளர் வீட்டுக்கு வருவார். நன்றாகவே பேசுவார், காபியும் குடிப்பார். நீங்கள் சொன்னதை அவரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார். வரிக்கு வரி படித்துவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகு போடுங்கள். "பல வருடங்களாக" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு வருடத்தை எழுதச் சொல்லுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. நேரில் போகாமல் இணையத்திலும் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் முடியாது, 50 லட்சம் வரையுள்ள கிளெய்ம்களை எடுப்பார்கள். நிறுவனத்தின் மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். குறைதீர்ப்பாளரின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. விசாரணையின்போது மனைவி பேசினால் போதும். சேர்த்த நாளில் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டவர் அவர்தான் என்பதால், எது எப்போது நடந்தது என்ற கேள்விக்கு அவரால்தான் நேரடியாகப் பதில் சொல்ல முடியும்.